பாதியில் நிற்கும் பக்கங்கள்: எட்டு பைட் செய்யும் வேலை

வாட்ஸ்அப் செய்தி போகிறது, வருகிறது. யூடியூபில் படம் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. கூகுளில் எதைத் தேடினாலும் நொடியில் பதில் வருகிறது. ஆனால் குறிப்பிட்ட சில தளங்கள் மட்டும் திறக்க மறுக்கின்றன. மேலே தலைப்பு வந்துவிடும், பின்னணி நிறம் வந்துவிடும், நான்கு வரி எழுத்துகூட வரும். அதற்குப் பிறகு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். படங்கள் இருக்க வேண்டிய இடம் வெற்றுக் கட்டமாக நிற்கும், பொத்தானை அழுத்தினால் வேலை செய்யாது. சில தளங்களில் அந்தப் பாதிகூட வராது, வெள்ளைத் திரைதான்.

அதே மடிக்கணினியைச் செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் அதே தளம் முழுசாகத் திறக்கும். பக்கத்து வீட்டு வைஃபையிலும் திறக்கும். அப்படியானால் தளத்தில் கோளாறு இல்லை, கணினியிலும் இல்லை. இந்த ஒரு இணைப்பில்தான் ஏதோ இருக்கிறது. ஆனால் அந்த இணைப்பும் வேகமாகத்தான் இருக்கிறது, அறுந்து அறுந்து வரவில்லை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது பாக்கெட் அளவைத்தான்.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு இ-சேவை மையத்தில் இதை நேரில் பார்த்தேன். கடைக்காரர் பழைய இணைப்பை விட்டுவிட்டுப் புதிய ஃபைபர் இணைப்புக்கு மாறியிருந்தார். மாறிய நாளிலிருந்து விண்ணப்பம் போடும் தளங்கள் இரண்டு மூன்று திறக்கவில்லை. வருமானச் சான்றிதழுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் வந்தவர்களிடம் "சர்வர் டவுன்மா, நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். பஸ் ஏறி வந்த வயதானவர்களை அப்படித் திருப்பி அனுப்புவது அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. லைன்மேனைக் கூப்பிட்டார். அந்தப் பையன் வந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டினான்.

"அண்ணாச்சி, நீங்களே பாருங்க, தொண்ணூறுக்கு மேல வருது. லைன்ல ஒண்ணும் இல்ல. அந்த சைட்டுதான் சரியில்ல."

"அந்த சைட்டு என் போன்ல தொறக்குதே தம்பி!"

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. வேகத்தில் குறையில்லை, தளத்திலும் குறையில்லை. குறை இருந்தது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் யாரும் கண்ணெடுத்துப் பார்க்காத ஒரு கட்டத்தில். அதில் 1500 என்று எழுதியிருந்தது. 1492 என்று இருந்திருக்க வேண்டும்.

இந்த எட்டு எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, இணையத்தில் தகவல் எப்படிப் போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு படமோ பக்கமோ ஒரே ஓட்டமாக நமக்கு வருவதில்லை. சிறு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டின் முன்னாலும் யார் அனுப்பியது, யாருக்குப் போவது, எத்தனையாவது துண்டு என்ற விவரம் ஒட்டப்பட்டு வருகிறது. அந்தத் துண்டுதான் பாக்கெட். ஒரு வழியில் ஒரே தடவையில் அதிகபட்சம் எவ்வளவு பெரிய பாக்கெட் போகலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அதைத்தான் எம்டியு என்கிறார்கள். ரவுட்டர் திரையில் MTU என்று காணலாம். வீட்டிலும் அலுவலகத்திலும் நாம் பயன்படுத்தும் ஈதர்நெட் கம்பியில் அந்த வரம்பு 1,500 பைட். 1980-இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து ஈதர்நெட்டுக்கு விதிமுறை வெளியிட்டபோது வைத்த எண் அது. இன்றுவரை மாறவில்லை. கணினி, ரவுட்டர், தொலைதூரத்து சர்வர் என்று எல்லாமே 1,500 என்று எண்ணிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகின்றன.

இந்த 1,500-இல் முதல் 20 பைட் முகவரிக்கு, அடுத்த 20 பைட் வரிசை எண் முதலான கணக்குகளுக்கு. மீதி 1,460 பைட்தான் உண்மையான சரக்கு. இந்த 1,460-க்கு எம்எஸ்எஸ் என்று பெயர். இரண்டு கணினிகள் பேசத் தொடங்கும்போது, முதல் பாக்கெட்டிலேயே "எனக்கு ஒரு துண்டில் இவ்வளவுதான் அனுப்பலாம்" என்று ஒன்றுக்கொன்று இந்த எண்ணைச் சொல்லிக்கொள்ளும். இந்தச் சின்ன விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நோயும் இதில்தான், மருந்தும் இதில்தான்.

இனி எட்டு. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டு இணைய வேண்டிய ஃபைபர், டிஎஸ்எல் இணைப்புகள் பெரும்பாலும் பிபிபிஓஇ என்ற முறையில் இயங்குகின்றன. ரவுட்டர் பக்கத்தில் PPPoE என்று இருக்கும். 1999-இல் வெளியான முறை இது. யார் சந்தாதாரர், அவருக்கு என்ன திட்டம் என்பதைச் சரிபார்க்க இணைய நிறுவனங்களுக்கு இது வசதி. இதில் நம் பாக்கெட் அப்படியே கம்பியில் போகாது. இன்னொரு உறைக்குள் வைத்து அனுப்பப்படும். தபால் உறையை அதே அளவுள்ள இன்னொரு உறைக்குள் நுழைக்க முடியாது, உள்ளே இருப்பது கொஞ்சமாவது சிறிதாக இருக்க வேண்டும். இங்கே அந்த வெளி உறை எடுத்துக்கொள்ளும் இடம் எட்டு பைட். கம்பியின் வரம்பு 1,500, உறைக்கு 8, ஆக நமக்கு மிஞ்சுவது 1,492.

கடைக்காரரின் பழைய இணைப்பில் கடவுச்சொல் எதுவும் இல்லை. கம்பியைச் செருகினால் முகவரி தானாக வந்துவிடும். அங்கே உறை இல்லை, 1500 சரியான எண். யாரோ அதை அப்போது கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். புதிய இணைப்பு வந்தபோது பழைய ரவுட்டரையே வைத்துக்கொண்டு, இணைப்பு வகையை மட்டும் பிபிபிஓஇ என்று மாற்றி, பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டார்கள். பச்சை விளக்கு எரிந்தது, கூகுள் திறந்தது, வேலை முடிந்தது என்று போய்விட்டார்கள். கட்டத்தில் பழைய 1500 அப்படியே நின்றுவிட்டது. இணைப்பின் இரண்டு முனைகளும் தொடக்கத்திலேயே அளவைப் பேசி ஒத்துக்கொள்ளும் ஏற்பாடு இந்த முறையில் உண்டு. ஆனால் கையால் எழுதிய எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கும் ரவுட்டர்களும் உண்டு. கடையில் இருந்தது அப்படிப்பட்ட ஒன்று.

எட்டு பைட் கூடினால் பாக்கெட்டை வழியில் இரண்டாக உடைத்து அனுப்பிவிடலாமே என்று தோன்றும். பழைய காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் வழியில் உடைப்பது ரவுட்டர்களுக்குப் பெரிய சுமை. உடைந்த துண்டுகளில் ஒன்று தொலைந்தாலும் முழுப் பாக்கெட்டும் வீண். அதனால் 1990-இல் ஜெஃப்ரி மோகல், ஸ்டீபன் டீரிங் என்ற இருவர் வேறொரு முறையை எழுதினார்கள். அனுப்பும் கணினி ஒவ்வொரு பாக்கெட்டிலும் "உடைக்காதே" என்று ஒரு குறி போட்டு அனுப்பும். வழியில் எந்த ரவுட்டருக்காவது அது பெரிதாக இருந்தால், பாக்கெட்டைக் கைவிட்டுவிட்டு, "பெரிதாக இருக்கிறது, என்னிடம் இவ்வளவுதான் போகும்" என்று சரியான எண்ணோடு அனுப்பியவருக்கே ஒரு தகவல் சொல்லும். அனுப்பியவர் அந்த எண்ணுக்கு ஏற்ப வெட்டித் திரும்ப அனுப்புவார். ஒரு தடவை பட்டுத் தெரிந்துகொண்டால் போதும், அடுத்ததெல்லாம் சரியான அளவில் வரும். இணையம் முழுக்க இன்றும் இந்த முறைதான்.

அருமையான முறை. ஆனால் அந்தத் திரும்பும் தகவல் உரியவரிடம் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். அது ஐசிஎம்பி என்ற வகைப் பாக்கெட்டில் போகிறது. நாம் 'பிங்' என்று சொல்லும் சோதனையும் அதே வகைதான். 1990-களின் பின்பாதியில், அளவுக்கு மீறிய பிங் பாக்கெட்டை அனுப்பிக் கணினிகளை முடக்கும் தாக்குதல் பரவியது. பயந்துபோன நிர்வாகிகள் பலர் ஃபயர்வாலில் ஐசிஎம்பி வகையையே மொத்தமாக அடைத்தார்கள். வேண்டாததைத் தடுக்கும்போது, "பெரிதாக இருக்கிறது" என்ற இந்த ஒரு வேண்டிய தகவலும் சேர்ந்து அடைபட்டது. அந்தப் பழக்கம் பாதுகாப்பு என்ற பெயரில் கைமாறிக் கைமாறி வந்து, இன்றும் பல சர்வர்களின் வாசலில் நிற்கிறது. இதை நான் தவறு என்றே சொல்வேன். பாதிப்பு அந்த நிர்வாகிக்குத் தெரிவதே இல்லை. எங்கோ ஒரு ஊரில் ஒரு கடையில் பக்கம் திறக்காமல் நிற்கும்போது அவர் பக்கத்து அளவுமானியில் எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

இப்போது கடையில் நடந்ததைப் பாக்கெட் பாக்கெட்டாகப் பார்க்கலாம். கணினி ஒரு தளத்தை அழைக்கிறது. "எனக்கு 1,460 வரை அனுப்பலாம்" என்கிறது. நடுவில் இருக்கும் ரவுட்டரும் தன் கட்டத்தில் 1500 என்று இருப்பதால் அதை மறுக்கவில்லை. சர்வர் சரி என்கிறது. இந்தப் பேச்செல்லாம் அறுபது எழுபது பைட் அளவுள்ள குட்டிப் பாக்கெட்டுகளில் நடப்பதால் எந்தச் சிக்கலும் இல்லை. இணைப்பு ஏற்பட்டுவிட்டது.

சர்வர் ஒரு கோப்பை அனுப்ப வேண்டும், அளவு 10,000 பைட் என்று வைத்துக்கொள்வோம். 1,460 வீதம் வெட்டினால் ஆறு முழுத் துண்டுகள், 8,760 பைட். மீதி 1,240 பைட் ஏழாவது துண்டு. முகவரியும் கணக்கும் சேர்ந்தால் முதல் ஆறும் தலா 1,500, ஏழாவது 1,280. ஏழும் கடலையும் கண்டத்தையும் தாண்டி ஒரு குறையும் இல்லாமல் இணைய நிறுவனத்தின் பெரிய ரவுட்டர் வரை வந்துவிடும். அங்கிருந்து கடை வரைதான் பிபிபிஓஇ உறை. அந்த ரவுட்டருக்குத் தன் வரம்பு 1,492 என்று தெரியும். ஆறு துண்டுகளையும் அது கைவிட்டு, சர்வருக்குத் தகவல் சொல்லும். சர்வர் வாசலில் ஃபயர்வால் அந்தத் தகவலைத் தூக்கி எறிந்துவிடும். ஏழாவது மட்டும் உறைக்குள் அடங்குவதால் கடைக்கு வந்து சேரும். கணினி அதை வாங்கி வைத்துக்கொண்டு, முதல் ஆறு வராமல் ஏழாவதை உலாவியிடம் கொடுக்க முடியாதென்று காத்திருக்கும். பதில் வராததால் சர்வர் முதல் துண்டைத் திரும்ப அனுப்பும், அதே 1,500 அளவில். அதுவும் அதே இடத்தில் விழும். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி, பின்பு அதைப்போல் இருமடங்கு நேரம் பொறுத்து மறுபடி. நாம் பார்க்கும் சுற்றும் வட்டம் இதுதான். 2000-இல் வெளியான ஒரு தொழில்நுட்ப ஆவணம் இதைக் கருந்துளை என்றே குறிப்பிடுகிறது. உள்ளே போவது எங்கே போனதென்று யாருக்கும் தகவல் கிடைப்பதில்லை.

பக்கம் ஏன் முழுக்க நிற்காமல் பாதியில் நிற்கிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. இன்றைய ஒரு பக்கம் ஒரே சர்வரிலிருந்து வருவதில்லை. எழுத்து ஓரிடத்திலிருந்து, படம் இன்னோரிடத்திலிருந்து, எழுத்துரு வேறோரிடத்திலிருந்து, பொத்தானை இயக்கும் நிரல் மற்றோரிடத்திலிருந்து வருகிறது. இவற்றில் எந்த சர்வருக்கு அந்தத் தகவல் போய்ச் சேர்கிறதோ அதன் பங்கு வந்துவிடும். வாசலை அடைத்த சர்வரின் பங்கு வராது. அடைத்த சர்வரிலிருந்துகூட 1,300 பைட் அளவுள்ள ஒரு குட்டிக் கோப்பு ஒரே பாக்கெட்டில் தப்பி வந்துவிடும். தலைப்பும் நிறமும் வந்து படம் வராமல் நிற்பது அதனால்தான்.

வெள்ளைத் திரை வருவது இன்னும் முன்னாலேயே சிக்கிக்கொண்டதற்கு அடையாளம். பூட்டுக்குறி போட்ட தளங்கள் எல்லாம் முதலில் தம் சான்றிதழை அனுப்பித் தாம் யார் என்று நிரூபிக்க வேண்டும். அந்தச் சான்றிதழ்த் தொகுப்பு வழக்கமாக இரண்டு மூன்று ஆயிரம் பைட்டைத் தாண்டும். ஆக முதல் துண்டே முழு அளவுப் பாக்கெட். அதுவே விழுந்துவிட்டால் ஒரு எழுத்துகூடத் திரைக்கு வராது. கடையில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் இடது கீழ் மூலையில் `Performing a TLS handshake to` என்று தொடங்கும் வரி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. இந்த வரி அங்கேயே உறைந்து நின்றால், தளத்தோடு தொடர்பு ஏற்பட்டுவிட்டது, சான்றிதழ்தான் வந்து சேரவில்லை என்று பொருள் கொள்ளலாம். பாக்கெட் அளவைச் சந்தேகிக்க அது நல்ல துப்பு.

யூடியூபும் கூகுளும் ஏன் தப்பின? குரோம் போன்ற உலாவிகள் கூகுள் தளங்களோடு க்விக் என்ற புதிய முறையில் பேசுகின்றன. அதில் பாக்கெட்டுகள் தொடக்கத்திலேயே 1,250 பைட்டை ஒட்டிய அளவில் கிளம்புகின்றன. 1,492 என்ற வரம்பை அவை தொடுவதே இல்லை. வாட்ஸ்அப் செய்தி இன்னும் சிறியது. வேறு சில பெரிய தளங்கள், பதில் வராவிட்டால் தாமாகவே அளவைக் குறைத்து அனுப்பிப் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கின்றன. மேத்யூ மேத்திஸ், ஜான் ஹெஃப்னர் இருவரும் 2007-இல் எழுதிய முறை அது. லினக்ஸ் சர்வர்களில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் நிர்வாகி இயக்கி வைத்தால்தான் வேலை செய்யும். ஸ்பீடு டெஸ்ட் சர்வர் தகவலை ஒழுங்காக வாங்கி அளவைக் குறைத்துக்கொண்டது, அதனால் இறங்கும் வேகம் தொண்ணூறைத் தாண்டியது. அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் லைன்மேன் திருப்தியாகிவிட்டான். ஸ்பீடு டெஸ்ட் இந்தக் கோளாறைக் காட்டாது. இதை லைன்மேன்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சந்தேகத்தை உறுதி செய்ய எந்தச் சிறப்புக் கருவியும் வேண்டாம். விண்டோஸில் கட்டளைத் திரையைத் திறந்து இப்படித் தட்டினால் போதும்:

```
ping -f -l 1472 1.1.1.1
ping -f -l 1464 1.1.1.1
```

`-f` என்பது உடைக்காதே என்ற குறி. `-l` என்பதற்குப் பின்னால் வருவது சரக்கின் அளவு. பிங் பாக்கெட்டில் முகவரிக்கு 20, தலைப்புக்கு 8, ஆக 28 பைட் தானாகச் சேரும். அதனால் 1472 என்றால் மொத்தம் 1,500. 1464 என்றால் மொத்தம் 1,492. லினக்ஸில் இதே சோதனைக்கு `ping -M do -s 1472 1.1.1.1` என்று தட்ட வேண்டும்.

இங்கே வரும் பதிலைக் கவனமாகப் படிக்க வேண்டும். பிபிபிஓஇ இணைப்பில் 1472 போகாமல் 1464 போவது இயல்பானதுதான், அது மட்டுமே கோளாறு ஆகாது. எப்படிப் போகவில்லை என்பதுதான் முக்கியம். ரவுட்டருக்குத் தன் வரம்பு சரியாகத் தெரிந்திருந்தால், 1472 போட்ட கணமே `Packet needs to be fragmented but DF set.` என்று பதில் வரும். "பெரிதாக இருக்கிறது" என்று ரவுட்டர் ஒழுங்காகச் சொல்கிறது என்று அர்த்தம். கடையில் அது வரவில்லை. ஒவ்வொரு தடவையும் சில நொடி காத்திருந்து `Request timed out.` என்றுதான் வந்தது. 1464 போட்டால் உடனே பதில். 1465 போட்டால் மௌனம். ரவுட்டர் தன் வரம்பு 1,500 என்று நம்பி, கொடுத்ததையெல்லாம் உறைக்குள் திணித்து அனுப்புகிறது. உறையோடு சேர்ந்து 1,508 ஆகிவிட்ட அதை வழியிலுள்ள கருவி சத்தமில்லாமல் கைவிடுகிறது. அந்த மாதிரிக் கருவிகள் உள்ளே இருக்கும் முகவரியைப் படிப்பதே இல்லை, அதனால் யாருக்கும் தகவல் சொல்லவும் அவற்றால் முடியாது. ஸ்கேன் செய்த கோப்புகளைப் பதிவேற்றும்போது கடைக்காரருக்குத் திணறியதும் இதனால்தான்.

ஆனால் எல்லா நேரமும் பிங் இப்படித் தெளிவாகப் பேசாது. சில தளங்கள் பிங்குக்குப் பதிலே தருவதில்லை, சில சர்வர்கள் சிறிய பதிலாகச் சுருக்கித் தருகின்றன. ஆகவே இன்னொரு சோதனையையும் செய்து பார்ப்பது நல்லது. தீர்ப்பு சொல்லும் சோதனை என்று அதைத்தான் நான் கருதுகிறேன். கணினியின் அளவை மட்டும் தற்காலிகமாகக் குறைத்துவிட்டு, திறக்காத அதே தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். நிர்வாகி அனுமதியோடு திறந்த கட்டளைத் திரையில்:

```
netsh interface ipv4 show subinterfaces
netsh interface ipv4 set subinterface "Ethernet" mtu=1492 store=active
```

முதல் வரி கணினியிலுள்ள இணைப்புகளின் பெயரையும் அவற்றின் இப்போதைய எம்டியு அளவையும் காட்டும். அங்கே என்ன பெயர் இருக்கிறதோ அதையே இரண்டாவது வரியில் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும், வைஃபை என்றால் வழக்கமாக `Wi-Fi` என்று இருக்கும். `store=active` என்று போடுவதால், கணினியை அணைத்து எழுப்பினால் பழைய அளவு திரும்பிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. மாற்றிய பிறகு கணினி 1,460-க்குப் பதிலாக 1,452 என்று சர்வரிடம் சொல்லும். சர்வர் தொடக்கத்திலேயே 1,492-க்குள் அடங்கும் துண்டுகளாக வெட்டிவிடும். திரும்பும் தகவல் போய்ச் சேர வேண்டிய அவசியமே இல்லை. கடையில் இதைச் செய்து உலாவியை மூடித் திறந்ததும், விண்ணப்பத் தளம் படங்களோடும் பொத்தான்களோடும் வந்து நின்றது. அப்படி வந்துவிட்டால் காரணம் இதுதான். வராவிட்டால் வேறு கோளாறைத் தேட வேண்டும், பெயர்த் தேடலில் பிழை இருக்கலாம், உலாவி நீட்சி ஏதாவது தடுக்கலாம்.

காரணம் தெரிந்த பிறகு அந்த ஒரு கணினியில் மட்டும் அளவை மாற்றி வைத்துவிட்டுப் போவது சரியல்ல. கடையில் இன்னும் இரண்டு கணினிகளும் ஒரு பிரிண்டரும் இருந்தன. வருபவர்கள் செல்பேசியையும் இணைப்பார்கள். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்க முடியாது. திருத்த வேண்டிய இடம் ரவுட்டர்தான். அதன் பக்கத்தில் வான் அல்லது இன்டர்நெட் என்ற பகுதிக்குள் போனால் பிபிபிஓஇ விவரங்களுக்குக் கீழேயே அந்தக் கட்டம் இருக்கும், சில ரவுட்டர்களில் `Advanced` என்ற பொத்தானுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அங்கே 1492 என்று எழுதிச் சேமித்து ரவுட்டரை ஒரு தடவை அணைத்து எழுப்ப வேண்டும்.

ஆனால் கணினிகள் இன்னும் 1,460 என்றுதானே சொல்லும் என்று கேட்கலாம். சரியான கேள்வி. வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவை இதற்காகவே ஒரு வேலையைச் செய்கின்றன. இரண்டு கணினிகள் அறிமுகம் செய்துகொள்ளும் அந்த முதல் குட்டிப் பாக்கெட் தன்னைக் கடக்கும்போது, அதிலிருக்கும் 1,460 என்ற எண்ணை 1,452 என்று திருத்தி அனுப்பிவிடும். எம்எஸ்எஸ் கிளாம்பிங் என்று இதற்குப் பெயர். ரவுட்டர் தன் கட்டத்தில் இருக்கும் எண்ணை வைத்துத்தான் இந்தத் திருத்தத்தைச் செய்கிறது. கட்டத்தில் 1500 என்று தவறாக இருந்தவரை திருத்த எதுவும் இல்லை என்று நினைத்து விட்டுவிட்டது. 1492 என்று மாற்றியதும் தானாக வேலை செய்யத் தொடங்கியது. சில ரவுட்டர்களில் இதைத் தனியே இயக்க வேண்டும், `MSS Clamping` என்றோ `Change TCP MSS` என்றோ ஒரு வரி இருக்கும். அலுவலகங்களில் லினக்ஸ் கணினியையே ரவுட்டராக வைத்திருப்பவர்களுக்கு அந்த வரி இது:

```
iptables -t mangle -A FORWARD -p tcp \
  --tcp-flags SYN,RST SYN \
  -j TCPMSS --clamp-mss-to-pmtu
```

இந்தத் திருத்தத்தால் வேகம் குறையுமா என்று கடைக்காரர் கேட்டார். முன்பு சொன்ன 10,000 பைட் கோப்பையே எடுத்துக்கொள்வோம். 1,452 வீதம் வெட்டினால் ஆறு முழுத் துண்டுகள் 8,712 பைட், மீதி 1,288 ஏழாவது. முன்பும் ஏழு, இப்போதும் ஏழு. பெரிய கோப்புகளில் ஏறக்குறைய நூற்றெண்பதுக்கு ஒரு துண்டு கூடலாம், கண்ணுக்குத் தெரியாது. அதற்காக எதற்கும் இருக்கட்டும் என்று 1200, 1000 என்று இறக்கி எழுதுவதும் கூடாது. புதிய முகவரி முறையான ஐபிவி6, எந்த வழியிலும் குறைந்தது 1,280 பைட் பாக்கெட் போக வேண்டும் என்று விதித்திருக்கிறது. அதற்குக் கீழே போனால் ஐபிவி6 முறிந்துவிடும், ஒரு கோளாறுக்குப் பதிலாக இன்னொன்று வரும்.

ஐபிவி6 பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதில் வழியிலுள்ள எந்த ரவுட்டரும் பாக்கெட்டை உடைக்கவே கூடாது. "பெரிதாக இருக்கிறது" என்ற தகவல் போய்ச் சேர்வது அங்கே இன்னும் அவசியம். ரவுட்டர் பழைய முறைக்கு மட்டும் எம்எஸ்எஸ் திருத்தம் செய்து புதியதை விட்டுவிட்டால், ஐபிவி6 வழியாகப் போகும் தளங்கள் மட்டும் பாதியில் நிற்கும். ரவுட்டரில் ஐபிவி6-ஐ அணைத்துப் பார்த்து எல்லாம் சரியானால் கோளாறு அங்கே என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் அணைத்தே வைத்திருப்பது தீர்வல்ல, அதற்கும் திருத்தத்தை இயக்க வேண்டும்.

வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்ப்பவர்களும் இதே கோளாறில் மாட்டுவதுண்டு. விபிஎன் என்பதும் உறைக்குள் உறைதான், அதன் உறை எட்டு பைட்டைவிடத் தடிமன். வயர்கார்டு என்ற விபிஎன் தன் வரம்பாக 1420 என்று வைத்துக்கொள்வது அதனால்தான். பிபிபிஓஇ இணைப்புக்குள் ஐபிவி6 வழியாக அது போகும்போது அந்த 1420-உம் எட்டு பைட் அதிகம், 1412 என்று குறைக்க வேண்டும். விபிஎன் இணைந்துவிட்டது, அலுவலக அரட்டை வேலை செய்கிறது, பெரிய அறிக்கையைத் திறந்தால் மட்டும் நிற்கிறது என்றால் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

சர்வர் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐசிஎம்பி முழுவதையும் அடைக்காதீர்கள். வகை 3, குறியீடு 4 என்ற தகவலையும், ஐபிவி6-இல் வகை 2 என்ற தகவலையும் உள்ளே விடுங்கள். அவைதான் "பெரிதாக இருக்கிறது" என்று சொல்பவை. லினக்ஸ் சர்வரானால் `net.ipv4.tcp_mtu_probing=1` என்று வைத்துவிடுங்கள். தகவல் வழியில் தொலைந்தாலும் சர்வர் தானே அளவைக் குறைத்துப் பார்க்கும். அரசுச் சேவைத் தளங்களை நடத்துபவர்கள் இதை முதலில் செய்ய வேண்டும், ஏனென்றால் அங்கே பக்கம் நிற்பதால் திரும்பிப் போவது கூலி வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்பவர்கள்.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால், இணைய நிறுவனத்துக்குப் போன் செய்யும்போது "நெட் ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எந்தத் தளம் நிற்கிறது, ஹாட்ஸ்பாட்டில் அது திறக்கிறதா, பிங் 1464 போகிறதா, 1472 போட்டால் என்ன வாசகம் வருகிறது என்று நான்கையும் ஒரு துண்டுத்தாளில் குறித்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள். ரவுட்டரில் எம்டியு 1492 என்று இருக்கிறதா, எம்எஸ்எஸ் திருத்தம் இயங்குகிறதா என்று கேளுங்கள். முதலில் பேசுபவருக்குப் புரியாவிட்டால், புரிந்தவரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள்.